பீனட் பட்டர் ஸ்பூன் கணக்கு எங்கே தப்புகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

ஜிம்முக்கு வருபவர்களின் சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. அதில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் ஓட்டை இருக்கும். சோறு, சிக்கன், முட்டை எல்லாவற்றையும் எடை போட்டு எழுதியிருப்பார்கள். பீனட் பட்டருக்கு மட்டும் "2 ஸ்பூன்" என்று இருக்கும். கலோரி எண்ணும் ஆப் அதை 32 கிராம் என்று எடுத்துக்கொள்ளும். தட்டில் விழுந்திருப்பது 50 கிராமுக்கு மேல் இருக்கும்.

அந்த 32 எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்க டப்பாக்களில் ஒரு வேளை அளவு `2 tbsp (32 g)` என்று அச்சிட்டிருப்பார்கள். பல ஆப்களில் இருப்பதும் இதே கணக்குதான். அது 15 மி.லி. அளவு ஸ்பூனில், அரிசியைப் படியில் தலைதட்டி அளப்பது போல, விளிம்போடு வழித்த அளவு. ஒரு ஸ்பூன் 16 கிராம். அதே ஸ்பூனைக் குவித்து எடுத்தால் 25 முதல் 30 கிராம் வரை சாதாரணமாக வரும். எண்ணெயோ தேனோ விளிம்பைத் தாண்டினால் வழிந்துவிடும். பீனட் பட்டர் அப்படியே மேலே நிற்கும், ஸ்பூனின் அடியிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இவ்வளவு வித்தியாசம்.

கீழே வரும் கணக்குகளுக்கு 100 கிராமில் சுமார் 600 கலோரி, 50 கிராம் கொழுப்பு, 25 கிராம் புரதம், 20 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் டப்பா கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். பின்பக்க அட்டவணையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 1: டப்பா கணக்குக்கு முன்பே காலியாகிறது

செலவே இல்லாத சோதனை இதுதான். எந்தக் கருவியும் வேண்டாம். டப்பாவைத் திறக்கும் அன்று மூடியில் மார்க்கரால் தேதி எழுதுங்கள். தீர்ந்த அன்று நாட்களை எண்ணி, டப்பாவின் நிகர எடையை அதால் வகுங்கள்.

நாளுக்கு 32 கிராம் என்றால் 1 கிலோ டப்பா 31 நாள் வர வேண்டும். அரை கிலோ டப்பா 15 நாள் தாண்ட வேண்டும். எங்களிடம் பயிற்சிக்கு வரும் ஒருவருக்கு 1 கிலோ டப்பா 19 நாளில் தீர்ந்தது. காலையில் இரண்டு ஸ்லைஸ் பிரெட்டுக்கு இரண்டு ஸ்பூன், வேறு எதற்கும் தொடுவதில்லை.

```
1000 / 19 = 52.6
52.6 - 32 = 20.6
```

நாளுக்கு 20 கிராம் கூடுதல். ஒரு ஸ்பூன் 26 கிராம் என்று ஆகிறது, அதாவது நல்ல குவியல். இதைக் கேட்டதும் அவர் ஒரு ஸ்பூன் எடுத்துக் காட்டினார். சாதாரணமாகத்தான் எடுத்தார், கோபுரம் எதுவும் கட்டவில்லை. ஆனால் விளிம்புக்கு மேலே ஒரு விரல் கனத்துக்கு நின்றது, அடியில் இன்னொரு பூச்சு. பார்க்கிறவருக்கு அது ஒரு ஸ்பூன்தான். கண்ணை நம்ப முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நாட்கள் குறைந்தால் காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

வீட்டில் வேறு யாராவது சாப்பிடுகிறார்களா? முதலில் இதைக் கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து ஒரு ஸ்பூன் எடுத்தால் மொத்தக் கணக்கும் குழம்பிவிடும். அப்படியானால் உங்களுக்குத் தனி டப்பா வைத்துக்கொண்டு சோதனையை மறுபடி தொடங்குங்கள்.

எழுதாமல் போகும் வாய் இருக்கிறதா? பிரெட்டில் தடவிய கத்தியை நக்குவது, மூடி ஓரத்தில் இருப்பதை விரலால் வழிப்பது. ஒவ்வொன்றும் சில கிராம்தான். தினமும் நடந்தால் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்பூன் குவியலாக வருகிறதா? மேலே இரண்டும் இல்லை என்றால் காரணம் இதுதான். கத்தியின் முதுகை விளிம்பில் வைத்து ஒரே இழுப்பாக வழியுங்கள். அடியில் ஒட்டியதையும் டப்பாவின் ஓரத்தில் துடைத்துவிடுங்கள். பலர் மேலே வழிப்பதோடு விட்டுவிடுகிறார்கள், அடியில் இருப்பது அப்படியே தட்டுக்குப் போகிறது. வழித்த ஸ்பூன் போதவில்லை என்று தோன்றினால் மூன்று ஸ்பூன் எடுத்து மூன்று என்றே எழுதுங்கள். குவித்துச் சாப்பிடுவதில் எந்தத் தப்பும் இல்லை. குவித்து எடுத்துவிட்டுத் தலைதட்டிய கணக்கை எழுதுவதில்தான் தப்பு.

டப்பா 31 நாளைத் தாண்டிப் போகிறதா? அதுவும் ஒரு பிழைதான். உங்கள் ஸ்பூன் 15 மி.லி. இல்லை என்று அர்த்தம். அறிகுறி 3-க்குப் போங்கள்.

## அறிகுறி 2: ஆப்பில் எல்லாம் சரி, எடை மட்டும் இறங்கவில்லை

"மாஸ்டர், 1,800 கலோரிக்கு மேல ஒரு நாள்கூடப் போகல, எடை அப்படியே நிக்குது" என்று வருவார்கள். மேலே சொன்ன 19 நாள் டப்பாக்காரரும் இப்படித்தான் வந்தார். அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

எடை நிலையாக இருக்க அவருக்கு நாளுக்குச் சுமார் 2,100 கலோரி தேவை. 1,800 சாப்பிட்டால் 300 குறைகிறது. பீனட் பட்டரில் தினமும் 20 கிராம் கூடுதல் என்றால் 120 கலோரி. குறைந்த 300-இல் மிச்சம் 180. அந்தக் கூடுதல் 120 மாதக் கணக்கில் 3,600 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்ற தோராயக் கணக்கில் பார்த்தால், மாதம் அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்க வேண்டியது இறங்காமல் நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பிழை ஒரே பக்கமாகவே சாய்கிறது. சோற்றைக் கண்ணால் அளந்தால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், வாரத்தில் ஓரளவு சமன் ஆகிவிடும். குவித்த ஸ்பூன் ஒரு நாளும் 16 கிராமுக்குக் கீழே இறங்காது. அதனால் அது நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

அடுத்து, கொழுப்பு, புரதம், மாவுச்சத்து என்ற மூன்று மேக்ரோக்களில் பிழை எதில் விழுகிறது என்று பாருங்கள். கூடுதல் 20 கிராமில் கொழுப்பு 10, புரதம் 5, மாவுச்சத்து 4. அவருடைய நாள் இலக்கு கொழுப்பு 55 கிராம், புரதம் 110 கிராம். கொழுப்பில் 18 சதவீதம் எகிறுகிறது. புரதத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு. புரதத்துக்காக வாங்கும் பொருள்தான், ஆனால் ஸ்பூன் குவிந்தால் குவிவது முக்கியமாகக் கொழுப்பு.

சரி, எப்படிச் சோதிப்பது? எளிதிலிருந்து போவோம்.

முதலில் எடை உண்மையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். காலையில் கழிவறை போய்விட்டு வந்து, சாப்பிடும் முன் தினமும் எடை பார்த்து வாரச் சராசரி எடுங்கள். முந்தின நாள் பிரியாணியும் ஊறுகாயும் சாப்பிட்டிருந்தால் உடலில் தங்கும் நீரே ஒரு கிலோ காட்டும். மூன்று வாரச் சராசரிகள் ஒரே இடத்தில் இருந்தால்தான் நிற்கிறது என்று சொல்லலாம்.

அடுத்து டப்பா சோதனை. அறிகுறி 1-இல் சொன்னதுதான். பழைய டப்பா வாங்கிய தேதி கடை பில்லிலோ ஆர்டர் பட்டியலிலோ இருந்தால், இன்றைக்கே கணக்குப் போட்டுவிடலாம்.

அப்புறம் தராசு. சமையலறைத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 1 கிராம் துல்லியம் போதும், நகைக்கடைத் தராசு வேண்டாம். ஆனால் ஸ்பூனை வைத்து எடை போடாதீர்கள், டப்பாவை வையுங்கள். மூடியைக் கழற்றி டப்பாவைத் தராசில் வைத்து `TARE` பொத்தானை அழுத்தினால் 0 காட்டும். வேண்டிய அளவு வழித்து எடுத்துத் தடவுங்கள். இப்போது -32 என்று காட்டினால் டப்பாவை விட்டு 32 கிராம் வெளியே போயிருக்கிறது. ஸ்பூனில் குவிந்ததா, அடியில் ஒட்டியதா, கத்தியில் நக்கியதா என்ற கேள்வியே கிடையாது, எல்லாம் அந்த எண்ணுக்குள் வந்துவிடும். ஸ்பூனில் மிச்சம் இருந்தால் டப்பாவிலேயே திரும்ப வழித்துவிட்டு எண்ணைப் பாருங்கள். ஸ்பூன் கழுவுவதும் மிச்சம். பிரெட்டைத் தராசில் வைத்து அதன் மேல் தடவி எடை பார்ப்பவர்களைவிட இந்த முறையில் போகிறவர்களுக்குத்தான் கணக்குச் சரியாக வருகிறது.

இதைச் சரிசெய்த பிறகும் எடை நிற்கிறதா? அப்படியானால் பழியை முழுக்கப் பீனட் பட்டர் மேல் போட முடியாது. 120 கலோரி போனபின்னும் அவருக்கு 180 குறைந்துகொண்டுதான் இருந்தது, கொஞ்சமாவது எடை இறங்கியிருக்க வேண்டும். தேடியதில் மீதி ஓட்டை தாளிக்கும் எண்ணெயில் இருந்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி, பொரியலுக்கு எவ்வளவு ஊற்றினார்கள் என்று அவர் எழுதவே இல்லை. பீனட் பட்டரைச் சரிசெய்ததும் அடுத்ததாகப் பார்க்க வேண்டியது எண்ணெய்தான்.

ஒருவேளை நீங்கள் தினமும் ஒரே மாதிரி குவித்து எடுத்து, எடையின் போக்கைப் பார்த்து மொத்தக் கலோரியைக் கூட்டிக் குறைத்துக்கொள்பவர் என்றால் இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம். பிழை நிலையாக இருப்பதால் உங்கள் திருத்தத்துக்குள் அது ஏற்கெனவே அடங்கிவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுபவர்களும் இதை விட்டுவிடலாம்.

## அறிகுறி 3: தலைதட்டி எடுத்தும் ஆப் எண்ணும் தராசு எண்ணும் ஒத்துப்போகவில்லை

ஸ்பூன் எது? நம் வீட்டில் சாப்பிட வைத்திருக்கும் ஸ்பூன் அளவு ஸ்பூன் கிடையாது. பெரும்பாலும் 15 மி.லி.க்குக் கீழேதான் பிடிக்கும், வீட்டுக்கு வீடு மாறும். அதில் ஸ்பூன் நிறையத் தண்ணீர் எடுத்து, இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட மூடியில் ஊற்றிப் பாருங்கள். 10 மி.லி. கோட்டில் நின்றால் தலைதட்டிய ஒரு ஸ்பூன் சுமார் 11 கிராம். அப்படிப்பட்ட ஸ்பூனில் தலைதட்டி எடுத்து `tbsp` என்று எழுதினால் 5 கிராம் அதிகமாக எழுதுகிறீர்கள். அதையே கொஞ்சம் குவித்தால் 16-க்கு அருகில் வந்து, தற்செயலாகக் கணக்குச் சரியாகவும் நிற்கும். பரிமாறும் கரண்டியில் எடுப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது, நேராகத் தராசுக்குப் போங்கள்.

அலகு எது? ஆப்பில் `tbsp` என்பதற்குப் பக்கத்திலேயே `tsp` இருக்கும். முன்னது 15, பின்னது 5 மி.லி. விரல் தவறினால் கணக்கு மூன்றில் ஒரு பங்காகிவிடும். கிராம் அலகு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

பதிவு எது? ஆப்பில் பயனர்கள் ஏற்றிய பதிவுகள் ஏராளம். கொழுப்பை 9-ஆல், புரதத்தையும் மாவுச்சத்தையும் 4-ஆல் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். 16 கொழுப்பு, 8 புரதம், 6 மாவுச்சத்து என்றால் 200 வரும். ஆப் 190 காட்டினால் பரவாயில்லை, எண்களை முழுமையாக்குவதாலும் நார்ச்சத்தாலும் அவ்வளவு வித்தியாசம் வரும். அதே அளவுக்கு 60 கலோரிதான் காட்டுகிறது என்றால் நீங்கள் எடுத்திருப்பது எண்ணெய் நீக்கிய பீனட் பட்டர் பவுடரின் பதிவு. சாக்லேட், வெல்லம், தேன் சேர்த்த வகைகளுக்கு மாவுச்சத்து கூடும். உங்கள் டப்பாவின் 100 கிராம் எண்களை வைத்து நீங்களே ஒரு பதிவு உருவாக்கி வைத்துக்கொள்வதுதான் கடைசித் தீர்வு. ஒரு முறை உட்கார்ந்து செய்தால் போதும்.

## அறிகுறி 4: ஒரே ஸ்பூன், ஒரே ஆள், தினமும் வேறு எடை

தலைதட்டிய ஸ்பூனில் 2 கிராம் ஏறி இறங்கினால் விட்டுவிடுங்கள், அது 12 கலோரி. இரண்டு பக்கமும் சாய்வதால் தானாகச் சமன் ஆகும். 5 கிராமுக்கு மேல் ஆடினால் மட்டும் கீழே பாருங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறீர்களா? குளிரில் இறுகிய பீனட் பட்டர் கட்டியாகப் பெயர்ந்து வரும். உள்ளே காற்றுக் குழி விழும், மேலே மலையாக நிற்கும். சித்திரை வெயிலில் வெளியே இருந்த டப்பாவில் அதே ஸ்பூன் வழிந்து, தானாகவே தலைதட்டிவிடும். ஃபிரிட்ஜில் வைப்பதாக இருந்தால் எடுக்கும் முன் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள்.

எண்ணெய் பிரிந்திருக்கிறதா? வேர்க்கடலை மட்டுமே அரைத்த வகையில் எண்ணெய் மேலே வந்து நிற்கும். கலக்காமல் எடுத்தால் மேல் ஸ்பூன்களில் கொழுப்பு அதிகம், டப்பாவின் அடிக்குப் போகும்போது உலர்ந்த மாவு மாதிரி ஆகிவிடும். எடை சரியாக இருந்தும் மேக்ரோ சரியாக இருக்காது. முழு டப்பாவையும் நீங்களே சாப்பிட்டு முடித்தால் மொத்தத்தில் சரியாகிவிடும், அன்றன்றைய கணக்குத்தான் ஆடும். திறந்ததும் நீளமான கத்தியை அடிவரை விட்டுக் கலக்கி, அப்புறம் கவிழ்த்து வைத்தால் எண்ணெய் திரும்பவும் உள்ளே போகும். கொழுப்பு வேண்டாம் என்று எண்ணெயை வடித்துக் கொட்டிவிட்டால் லேபிள் எண்கள் அந்த டப்பாவுக்குப் பொருந்தாது.

கரகரப்பான வகையா? கடலைத் துண்டுகள் இருக்கும் வகையை நேராகத் தலைதட்டவே முடியாது, கத்தி துண்டில் இடித்து நிற்கும். இதற்கு ஸ்பூன் சரிவராது. எடை போடுங்கள்.

## அறிகுறி 5: தராசே நம்பும்படி இல்லை

முதலில் பேட்டரியை மாற்றுங்கள். கல் மேடை மாதிரி சமமான, ஆடாத இடத்தில் வையுங்கள், துணி விரிப்பின் மேல் வேண்டாம். பிறகு பத்து ரூபாய் நாணயம் பத்தை எடுத்துத் தராசில் வையுங்கள். ஒன்று 7.71 கிராம், பத்தும் சேர்ந்து 77. 2019-க்குப் பிறகு வந்தவை மிகச் சற்றே கூடுதல், அதற்கும் 77 என்றே காட்டும். 76-இலிருந்து 78-க்குள் இருந்தால் தராசு நன்றாக இருக்கிறது.

நாணயத்தில் சரி, பீனட் பட்டரில் மட்டும் தப்பு என்றால் தடவும் முறையைப் பாருங்கள். பிரெட்டைத் தராசில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினால், மலிவான தராசுகள் சிறு சிறு கூடுதலை ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு 0-விலேயே நிற்கும். டப்பாவை வைத்து ஒரே தடவையாக எடுத்தால் இந்தச் சிக்கல் வராது. நீங்கள் தடவி முடிப்பதற்குள் திரை அணைந்துபோனால் `TARE` எண்ணும் போய்விடும். அதற்கு ஒரு வழி: தொடங்கும்போதே டப்பாவின் முழு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 612 இருந்தது, எடுத்தபின் 580 என்றால் 32. திரை எத்தனை முறை அணைந்தாலும் கவலை இல்லை.

நாணயச் சோதனையில் 5 கிராமுக்கு மேல் தப்பினால் புதுத் தராசு வாங்குவதுதான் வழி. இந்த விலைத் தராசைப் பழுது பார்க்கக் கொடுப்பது வீண் செலவு.

## எப்போது டயட்டீஷியனிடம் போக வேண்டும்

டப்பாவை எடை போட்டு, எண்ணெயையும் எழுதி, நான்கு வாரம் ஒழுங்காகப் போயும் வாரச் சராசரி அசையவில்லை என்றால் தேவைக் கலோரியின் கணிப்பே தப்பாக இருக்கலாம், அல்லது தைராய்டு மாதிரி ஏதாவது இருக்கலாம். இது ஜிம் மாஸ்டர் தீர்க்கும் விஷயம் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள், எடைப் பிரிவில் போட்டிக்குப் போகும் வீரர்கள் இவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், தொடக்கத்திலேயே போய்விடுங்கள். சாப்பாட்டை எழுதாமல் ஒரு வாய்கூட வைக்க முடியவில்லை, ஒரு கிராம் கூடினால் நாள் முழுக்க மனசு கிடந்து அடிக்கிறது என்ற நிலை வந்தால் தராசை எடுத்து வைத்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். பீனட் பட்டர் சாப்பிட்டதும் உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சு இழுப்பது போன்றவை வேர்க்கடலை ஒவ்வாமையின் அடையாளங்கள். மூச்சு சிரமப்பட்டால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

டயட்டீஷியனிடம் போகும்போது ஆப்பின் பதிவோடு மூன்று விஷயங்களைக் கொண்டுபோங்கள்: நான்கு வார எடைச் சராசரி, டப்பாவின் பின்பக்க லேபிளின் படம், டப்பா திறந்த தேதியும் தீர்ந்த தேதியும். ஆப்பில் இருப்பது நீங்கள் எழுதியது மட்டும்தான். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதை அவர் அந்த இரண்டு தேதிகளிலிருந்தே கணக்குப் போட்டுவிடுவார்.